ஒரே வாசகர், மூன்று சந்தா எண்கள்

ஒரு மாத இதழின் சந்தாப் பட்டியலில் 1,500 பதிவுகள் இருந்தால் அந்த இதழுக்கு 1,500 சந்தாதாரர்கள் சேர்ந்திருக்கிறார்கள் என்று சொல்லிவிட முடியாது. சந்தா முடிந்த எல்லோரும் பழைய எண்ணைத் தேடி எடுத்துப் புதுப்பிப்பதில்லை. ஒருவர் புத்தகக் காட்சி அரங்கில் பணம் கட்டுகிறார். அடுத்த ஆண்டு இணையதளத்தில் புதிதாகவே பதிவு செய்கிறார். அதற்கடுத்த ஆண்டு மணியார்டர் அனுப்புகிறார். ஒவ்வொரு முறையும் அவருக்குப் புது எண் விழுகிறது. கற்பனையாக ஓர் எடுத்துக்காட்டு:

```
0412 | S. Lakshmi        | 625001  | 2021-04 | 2022-03
0987 | Laxmi Subramanian | 625001  | 2022-05 | 2023-04
1356 | சு. லட்சுமி         | 625 001 | 2023-06 | 2024-05
```

கணினிக்கு இவர்கள் மூன்று பேர். ஆளுக்கு 600 ரூபாய் கட்டி, ஓராண்டு படித்து, விலகிவிட்டவர்கள். உண்மையில் இருப்பது 1,800 ரூபாய் கட்டி மூன்று ஆண்டுகள் படித்த ஒரே வாசகி.

நடப்புச் சந்தாக்களை மட்டும் எண்ணினால் இந்தப் பிழை வெளியே தெரியாது. பழைய பதிவுகள் காலாவதியாகிவிட்டதால் அந்த எண்ணிக்கை பெரும்பாலும் சரியாகவே வரும். தவறு ஒளிந்திருப்பது ஆயுட்கால மதிப்பில், அதாவது ஒரு சந்தாதாரர் இருக்கும் காலம் முழுவதும் தரக்கூடிய தொகையில்.

கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். சென்ற ஆண்டு 1,000 பேர் இருந்தார்கள். இந்த ஆண்டு 600 எண்கள் புதுப்பிக்கப்பட்டன, 400 எண்கள் விட்டுப்போயின, 500 புது எண்கள் சேர்ந்தன. விலகல் 40 சதவீதம். இந்த விகிதம் மாறாது என்று கொண்டால் சராசரி சந்தாக் காலம் 1-ஐ 0.40-ஆல் வகுத்துக் கிடைக்கும் இரண்டரை ஆண்டுகள். வரவு 1,500 ரூபாய். விளம்பரத்துக்கு 1,40,000 ரூபாய் செலவானது என்றால் ஒரு புது வாசகரைப் பிடிக்க 280 ரூபாய் ஆகியிருக்கிறது.

இப்போது, விட்டுப்போன 400 பேரில் 150 பேர் புது எண்ணில் திரும்பி வந்தவர்கள் என்று தெரியவருகிறது. விலகல் 25 சதவீதமாகக் குறைகிறது. சராசரிக் காலம் நான்கு ஆண்டுகள், வரவு 2,400 ரூபாய். உண்மையான புது வாசகர்கள் 350 பேர்தான். ஒருவரைப் பிடிக்க ஆன செலவு 400 ரூபாய். நடப்புச் சந்தா இரு கணக்கிலும் 1,100 தான். முதல் கணக்கை நம்பும் இதழ், வாசகர்கள் தங்குவதில்லை என்று முடிவுகட்டி விளம்பரத்தில் பணத்தைக் கொட்டும். இரண்டாவது கணக்கு, புதியவரைச் சேர்ப்பதற்கு நினைத்ததைவிடக் கூடுதலாகச் செலவாகிறது, இருப்பவர்களோ நிலைத்திருக்கிறார்கள் என்று காட்டுகிறது. அப்படியானால் புதுப்பிக்க நினைவூட்டும் அஞ்சலட்டையே நல்ல முதலீடு.

பதிவுகளை இணைக்கத் தொடங்குமுன் எதை எண்ணுகிறோம் என்று முடிவு செய்ய வேண்டும். பணம் கட்டுபவரையா, படிப்பவரையா, வீட்டையா? மகன் சென்னையிலிருந்து பணம் கட்ட, இதழ் ஊரிலுள்ள தாய்க்குப் போகிறது. ஆயுட்கால மதிப்புக்குப் பணம் கட்டுபவர்தான் கணக்கு; எத்தனை பேர் படிக்கிறார்கள் என்பதற்குத் தாயைத்தான் எண்ண வேண்டும். சந்தா முடிந்து எத்தனை மாதங்களுக்குள் திரும்பினால் தொடர்ச்சி என்று கொள்வது என்பதையும் அப்போதே வரையறுத்துவிட வேண்டும்.

அடுத்தது சீராக்கல். தொலைபேசி எண்ணில் முன்னால் வரும் பூஜ்யத்தையும் +91-ஐயும் நீக்கிக் கடைசிப் பத்து இலக்கங்களை வைத்துக்கொள்ளலாம். அஞ்சல் குறியீட்டில் இடைவெளியை எடுத்துவிடலாம். தமிழில் தட்டச்சான பெயர்களில் இன்னொரு சிக்கல் உண்டு. ‘கோமதி’யின் முதலெழுத்தை யூனிகோடில் ஒரே உயிர்க்குறியாகவும் சேமிக்கலாம், முன்னொன்றும் பின்னொன்றுமாக இரண்டு குறிகளாகவும் சேமிக்கலாம். திரையில் இரண்டும் ஒன்றே, கணினிக்கு வெவ்வேறு. ஒப்பிடும் முன் எல்லாவற்றையும் NFC என்ற ஒரே வடிவுக்கு மாற்றிவிட்டால் இது தீரும்.

பெயர்கள் அவ்வளவு எளிதில் வசப்படுவதில்லை. ஒலியை வைத்து ஆங்கிலப் பெயர்களைச் சேர்க்க 1918-இல் அமெரிக்காவில் காப்புரிமை பெற்ற சவுண்டெக்ஸ் முறை இன்றும் பல மென்பொருள்களில் இருக்கிறது. அது Lakshmi, Laxmi இரண்டுக்கும் L250 என்ற ஒரே குறியீட்டைத் தருகிறது. ஆனால் முதலெழுத்தை அப்படியே வைத்துக்கொள்வதால் Senthil S534 என்றும் Chenthil C534 என்றும் பிரிந்துவிடுகின்றன. தலைப்பெழுத்து சில நேரம் முன்னால் வருகிறது, சில நேரம் பின்னால். சிலர் அதை விரித்துத் தந்தையின் முழுப்பெயராக எழுதுகிறார்கள். திருமணத்துக்குப் பின் பல பெண்களுக்கு அந்த எழுத்தே மாறிவிடுகிறது. ஆகவே தலைப்பெழுத்து மாறுபட்டதாலேயே இருவர் என்று தள்ளிவிடக் கூடாது.

1,500 பதிவுகளை ஒன்றோடொன்று ஒப்பிட்டால் 11 லட்சத்துக்கும் மேற்பட்ட இணைகள் வரும். அதனால் ஒரே அஞ்சல் குறியீடோ ஒரே தொலைபேசி எண்ணோ உள்ளவற்றை மட்டும் ஒப்பிடுவது வழக்கம். இரண்டில் ஒன்று பொருந்தினாலே ஒப்பிட வேண்டும். இல்லாவிட்டால் வீடு மாறியவர்கள் தப்பிவிடுவார்கள்.

ஒப்பிடும்போது எல்லாப் பொருத்தங்களுக்கும் ஒரே எடை கிடையாது. இதற்கான கோட்பாட்டை ஐவன் ஃபெல்லெகி, ஆலன் சன்டர் இருவரும் 1969-இல் வெளியிட்டார்கள். ஒரே ஆளின் இரு பதிவுகளில் ஒரு விவரம் எவ்வளவு அடிக்கடி ஒத்துப்போகும், வெவ்வேறு ஆட்களிடம் அது தற்செயலாக எவ்வளவு ஒத்துப்போகும் என்ற இரண்டின் விகிதத்தின் மடக்கையே அந்த விவரத்தின் எடை. மதுரையில் இருவர் பெயர் முருகன் என்பதால் பெரிதாக எதுவும் உறுதியாகாது. அபூர்வமான பெயர் ஒத்துப்போனால் அது வலுவான சான்று. எடைகளைக் கூட்டி, மேலெல்லையைத் தாண்டியவற்றை ஒருவர் என்றும், கீழெல்லைக்குக் கீழே உள்ளவற்றை இருவர் என்றும் பிரித்து, இடைப்பட்டவற்றை மனிதர் பார்வைக்கு விடுவார்கள்.

அளவுக்கு மீறி இணைப்பதும் ஆபத்தே. ஊரில் ஒருவர் நாற்பது பேரிடம் சந்தா திரட்டித் தன் தொலைபேசி எண்ணையே எல்லாப் படிவங்களிலும் எழுதியிருப்பார். எண்ணை மட்டும் நம்பினால் நாற்பது வாசகர்கள் ஆண்டுக்கு 24,000 ரூபாய் கட்டும் ஒரே ஆளாகிவிடுவார்கள். கைவிடப்பட்ட கைபேசி எண்கள் சில மாதங்களுக்குப் பின் வேறொருவருக்குப் போவதும் உண்டு. தந்தையும் மகளும் ஒரே எண்ணைத் தர, மகளின் பதிவு முகவரியால் அவள் கணவனின் பதிவோடு சேர, மூவரும் சங்கிலியாகக் கோக்கப்பட்டு ஒருவராவதும் நடக்கும். இணைத்து முடித்ததும் அதிகப் பதிவுகள் சேர்ந்த ஆட்களை முதலில் வரிசைப்படுத்திப் பார்த்தால் இவை கண்ணில் பட்டுவிடும். ஒரே காலத்தில் இரண்டு சந்தாக்கள் ஓடுவதும் சந்தேகத்துக்குரிய அறிகுறிதான். விடுபட்டவற்றைக் கண்டுபிடிக்கவும் வழியுண்டு: ‘புது’ வாசகர்களில் சிலரைப் பொறுக்கியெடுத்து, அதே முகவரியில் சற்று முன்பு ஒரு சந்தா முடிந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

இணைப்பது என்றால் பழைய பதிவை அழிப்பது அல்ல. மூன்று பதிவுகளும் அப்படியே இருக்க, மூன்றுக்கும் பொதுவாக ஓர் ஆள் எண் தரப்படும். சேர்ந்த நாளுக்கு மிகப் பழையதையும், முகவரிக்கு மிகப் புதியதையும் எடுத்து, கட்டிய தொகைகளைக் கூட்டிக்கொள்ள வேண்டும். தவறாக இணைத்தது பின்னால் தெரியவந்தால் ஆள் எண்ணை மட்டும் மாற்றினால் போதும்.

இடைப்பட்ட இணைகளில் சில எத்தனை பார்த்தாலும் தீராது. அவற்றை எல்லாம் ஒருவரே என்று கொண்டு ஒருமுறையும், எல்லாம் வெவ்வேறு ஆட்கள் என்று கொண்டு மறுமுறையும் ஆயுட்கால மதிப்பைக் கணக்கிட வேண்டும். இரண்டு விடைகளும் ஒரே முடிவுக்குக் கொண்டுபோனால் அங்கே நிறுத்தலாம். வெவ்வேறு முடிவுக்கு இழுத்தால், அந்தச் சந்தாதாரர்களைத் தொலைபேசியில் அழைத்துக் கேட்டுவிடுவதே சரி.