வாடகை வீட்டை விடும்போது: மின் மீற்றர், கடைசிப் பில், கட்டிய வைப்பு

தலவிலயில் வீடுகள் கைமாறுவது பெரும்பாலும் திருவிழாவை ஒட்டித்தான். மார்ச்சிலும் ஓகஸ்ட்டிலும் புனித அன்னம்மாள் ஆலயத்துக்கு யாத்திரிகர்கள் திரளும்போது அறைகளுக்குக் கிராக்கி ஏறும். அதற்கு முன்பே வீட்டைக் காலி செய்து தரும்படி உரிமையாளர் கேட்பார். குடியிருந்தவர் சாமான்களைக் கட்டி, சாவியைக் கொடுத்து, முற்பணத்தைத் திருப்பிக் கேட்பார். அப்போதுதான் கடைசி கரன்ட் பில் குறுக்கே வரும். பில் இன்னும் வந்திருக்காது. ஒரு தொகையைக் கணக்குப்போட்டுப் பிடித்துக்கொள்வார்கள். அந்தத் தொகை சரியா என்று பார்க்க இரு தரப்பிடமும் வழி இருக்காது.

வைப்பு இரண்டு

முதலில் ஒன்றைப் பிரித்துப் பார்க்க வேண்டும். இணைப்பு எடுக்கும்போது மின்சார சபைக்குக் கட்டிய பாதுகாப்பு வைப்பு வேறு, வீட்டுக்காரரிடம் கொடுத்த முற்பணம் வேறு. சபையின் வைப்பு, மின் கணக்கு யாருடைய பெயரில் இருக்கிறதோ அவருக்கு உரியது. வாடகை வீடுகளில் கணக்கு பெரும்பாலும் உரிமையாளரின் பெயரில்தான் இருக்கும். மாதாமாதம் பில்லைக் கட்டியவர் நீங்களாக இருந்தாலும், அந்த வைப்பைக் கேட்டு வாங்கவோ இணைப்பை ஒப்படைக்கவோ உங்களால் முடியாது. நீங்கள் திரும்பப் பெற வேண்டியது வீட்டுக்காரரிடம் உள்ள முற்பணம் மட்டுமே. அதில் மின்சாரத்துக்காக எவ்வளவு கழிக்கலாம் என்பதுதான் கேள்வி.

வெளியேறும் நாளில் தெரிவது எண் மட்டும்

ஓர் உதாரணத்தை எடுத்துக்கொள்வோம். 5ஆம் திகதி மீற்றர் வாசிப்பாளர் எழுதிப் போன எண் 4210. குடியிருந்தவர் 20ஆம் திகதி வெளியேறுகிறார். அன்று மீற்றரில் 4258. ஆக 15 நாள்களில் 48 அலகு.

நாற்பத்தெட்டு அலகு 60க்குள் வருகிறதே, குறைந்த கட்டணம்தானே என்று தோன்றும். அப்படியில்லை. வீட்டுப் பாவனைக் கட்டணம் 30 நாள் மாதத்தை வைத்து வகுக்கப்பட்டது. நாள்கள் குறைந்தால் ஒவ்வொரு படியின் அளவும் அதே விகிதத்தில் சுருங்கும். 15 நாளில் 48 அலகு என்பது மாதம் 96 அலகு பாவிக்கும் வீட்டின் வேகம். 2025 ஜூன் 12 முதல் நடைமுறைக்கு வந்த கட்டணப்படி கணக்கிட்டால், முதல் 30 அலகு 12.75 ரூபாய் வீதம், அடுத்த 15 அலகு 18.50 வீதம், மீதி 3 அலகு 24 ரூபாய் வீதம். மொத்தம் 732 ரூபாய். இந்தப் படிக்கான மாத நிலையான கட்டணம் 1,000 ரூபாய். பாதி மாதத்துக்குப் பாதி, 500 ரூபாய் என்று வைத்தால் 1,232 ரூபாய் ஆகிறது. வரி இதற்கு மேல்.

ஆனால் சபை 20ஆம் திகதி பில் போடுவதில்லை. வழமையான வாசிப்பு நாளில்தான் போடும். அதுவரை வீட்டில் என்ன நடக்கிறது என்பதைப் பொறுத்து பில் தலைகீழாக மாறும்.

வீடு பூட்டியே கிடந்தால் முழு மாதத்துக்கும் அதே 48 அலகுதான். 60 அலகுக்கு உட்பட்ட வீடு என்பதால் முதல் 30 அலகு 4.50 ரூபாய், அடுத்த 18 அலகு 8 ரூபாய், நிலையான கட்டணம் 210 ரூபாய். மொத்தம் 489 ரூபாய் மட்டுமே. வெளியேறிய அன்று 1,232 ரூபாயைப் பிடித்திருந்தால், வீட்டுக்காரரின் கையில் 743 ரூபாய் அதிகமாக நின்றுவிடும்.

மாறாக, திருவிழாவுக்கு வந்தவர்கள் அந்த வீட்டில் தங்கி இன்னும் 80 அலகு பாவித்தால் மாத மொத்தம் 128 அலகு. வீடு உயர்ந்த படிக்குள் ஏறும். பில் 3,868 ரூபாயைத் தொடும். பின்னால் வந்தவர்கள் பாவித்ததால் ஏறிய படிக்கு, முன்னால் போனவர் பொறுப்பாக முடியாது.

ஆகவே நியாயமான உடன்பாடு இப்படி அமையலாம். வெளியேறும் நாளின் எண்ணை வைத்து, மேலே செய்ததுபோல் போடும் கணக்கே உச்ச வரம்பு. முற்பணத்தில் அவ்வளவை மட்டும் நிறுத்திவைத்துவிட்டு மீதியை அன்றே கொடுத்துவிடலாம். உண்மையான பில் குறைவாக வந்தால் வித்தியாசத்தை உரிமையாளர் திருப்பித் தர வேண்டும். கூடி வந்தால் வரம்புக்கு மேல் கேட்கக் கூடாது.

எண்ணைப் பதிவு செய்வது எப்படி

இந்தக் கணக்கு முழுவதும் ஓர் எண்ணில் நிற்கிறது. இருவரும் மீற்றருக்கு முன்னால் நின்று, மீற்றர் இலக்கமும் வாசிப்பும் தெரியும்படி படம் எடுத்து, திகதியோடு ஒரு தாளில் எழுதி இருவரும் கையொப்பமிட வேண்டும். கடைசியாக வந்த பில்லையும் பார்க்க வேண்டும். படலை பூட்டியிருந்த மாதத்தில் வாசிப்பாளர் உத்தேச அளவில் பில் போட்டிருக்கக்கூடும். அப்படியானால் பில்லில் உள்ள எண்ணும் மீற்றரில் உள்ளதும் பொருந்தாது. மீற்றரின் எண் பில்லை விடக் குறைவாக இருந்தால் கூடுதலாகக் கட்டியிருக்கிறீர்கள். திடீரென மிகவும் அதிகமாக இருந்தால் பழைய மாதங்களின் பாவனையும் சேர்ந்து நிற்கிறது. நிலுவைத் தொகையையும் தவறாமல் வாசியுங்கள். முன்பு இருந்தவரின் கடன் அதில் ஒளிந்திருக்கலாம்.

கற்பிட்டித் தீபகற்பத்தில் இன்னொன்றும் உண்டு. இங்கே பல வீடுகள் கிணற்று நீரை மோட்டர் போட்டு இறைக்கின்றன. அந்த மோட்டர் உங்கள் மீற்றரில் ஓடி, பக்கத்து வீட்டுக்கும் தோட்டத்துக்கும் தண்ணீர் போனால், அந்த அலகுகள் உங்கள் கணக்கில்தான் ஏறும். அதைக் கடைசி நாளில் அல்ல, குடிவரும்போதே பேசித் தீர்க்க வேண்டும்.

இணைப்பு உங்கள் பெயரில் இருந்தால்

கடைக்கோ நீண்ட குத்தகை நிலத்துக்கோ சொந்தப் பெயரில் இணைப்பு எடுத்தவர் நிலை வேறு. அவர் பிரதேச நுகர்வோர் சேவை நிலையத்துக்கு எழுத்தில் கோரிக்கை கொடுக்க வேண்டும். கணக்கு இலக்கம், தேசிய அடையாள அட்டை, கடைசியாகக் கட்டிய பற்றுச்சீட்டு, வைப்புக் கட்டிய பற்றுச்சீட்டு ஆகியவற்றைக் கூடவே கொண்டுபோவது நல்லது. கோரிக்கையின் பிரதியில் கையளித்த திகதியோடு முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். ஊழியர் வந்து இறுதி வாசிப்பை எடுத்து இணைப்பைத் துண்டித்த பின்பே இறுதிப் பில் தயாராகும். அதைக் கழித்து மீதி வைப்பு தரப்படும். மீற்றர் சபையின் சொத்து. அதை நீங்களாகக் கழற்றக் கூடாது.

2009ஆம் ஆண்டின் 20ஆம் இலக்க இலங்கை மின்சாரச் சட்டம் பாதுகாப்பு வைப்புக்கு வட்டி செலுத்த வேண்டும் என்று விதித்தது. ஆகவே மீதியைப் பெறும்போது வட்டி சேர்ந்திருக்கிறதா என்று கேட்பது உங்கள் உரிமை. 2024ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கச் சட்டம் மின்சார சபையைப் பல நிறுவனங்களாகப் பிரிக்க வழி செய்திருப்பதால், பழைய வைப்புப் பற்றுச்சீட்டின் முக்கியத்துவம் முன்பைவிடக் கூடியிருக்கிறது. நிரந்தரமாகத் துண்டித்தால் பின்னால் வருபவர் புதிய இணைப்புக்குச் செலவழிக்க வேண்டியிருக்கும். நில உரிமையாளர் சம்மதித்தால் பெயர் மாற்றம் செய்து, வைப்புத் தொகையை இருவரும் தங்களுக்குள் தீர்த்துக்கொள்வது இலாபமாக இருக்கலாம். ஆனால் பெயர் மாறும் நாள் வரை வரும் பில்லுக்குப் பழைய பெயர்க்காரரே பொறுப்பு.

எங்கே முறையிடுவது

பில்லோ சபையின் வைப்போ பிழையென்றால் முதலில் பிரதேச அலுவலகத்துக்கு எழுத்தில் கொடுங்கள். 1987 என்ற எண்ணிலும் முறையிடலாம். அங்கே தீராவிட்டால் பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழுவுக்குப் போகலாம். வீட்டுக்காரர் முற்பணத்தைத் தராதது ஆணைக்குழுவின் வேலை அல்ல. அதற்கு 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டத்தின்படி அமைந்த மத்தியஸ்த சபை இருக்கிறது. இரு இடங்களிலும் முதலில் கேட்கப்படுவது ஆவணம்தான். இருவரும் கையொப்பமிட்ட வாசிப்புத் தாளின் ஒரு பிரதியை, கடைசிப் பில் தீர்ந்து முற்பணம் முழுவதும் கைக்கு வரும்வரை வைத்திருங்கள்.