செனுவாவின் காதுக்குள் ஒலிக்கும் குரல்கள்

இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் இருக்கும் நிஞ்ஜா தியரி நிறுவனம் 2017-இல் வெளியிட்ட கேம் 'ஹெல்பிளேட்: செனுவாஸ் சாக்ரிஃபைஸ்'. நாயகி செனுவா ஒரு போர்வீராங்கனை. மனநோயின் பிடியில் இருக்கும் அவளுக்கு யார் யாரோ பேசுவது கேட்டுக்கொண்டே இருக்கும். அவளை உருவாக்கியது சுமார் இருபது பேர் கொண்ட சிறு குழுதான். ஸ்டுடியோவுக்குள்ளேயே ஓர் அறையை மோஷன் கேப்சர் கூடமாக மாற்றிக்கொண்டார்கள்.

செனுவாவாக நடித்தவர் மெலினா யூர்கன்ஸ். அங்கே வீடியோ எடிட்டராக இருந்தவர். சோதனைக்காக நிற்கவைத்தவரையே கடைசியில் நாயகியாக்கிவிட்டார்கள்.

இந்த முறையில் நடிப்பவர் உடலை ஒட்டிய உடை அணிவார். அதில் ஒளியைத் திருப்பி அனுப்பும் சிறு உருண்டைகள் ஒட்டியிருக்கும். சுற்றிலும் உள்ள கேமராக்கள் அந்த உருண்டைகளை மட்டும் பார்க்கும். குறைந்தது இரண்டு கேமராக்களுக்குத் தெரிந்தால்தான் ஓர் உருண்டை எங்கே இருக்கிறது என்று கணினியால் கணக்கிட முடியும். முகத்துக்கு ஹெல்மெட்டிலிருந்து நீளும் சின்னக் கேமரா, குரலுக்கு மைக். மூன்றும் தனித்தனிப் பதிவுகள் என்பதால் ஒரே நேரக்குறியீட்டை வைத்து பிறகு ஒன்றுசேர்க்கிறார்கள். உடல், முகம், குரல் மூன்றும் ஒரே நடிப்பிலிருந்து வருவதால், விம்மும்போது தோள் குலுங்குவதும் குரல் உடைவதும் ஒரே நொடியில் நிகழ்கின்றன. தனியறையில் டப்பிங் பேசி ஒட்டினால் இது எளிதில் அமையாது.

சிக்கலும் உண்டு. நடிப்பவர் குனிந்து கைகளை மார்போடு அணைத்துக்கொண்டால் உருண்டைகள் மறைந்துவிடும். கணினி ஒன்றை இன்னொன்றாக எண்ணிக் குழம்பும். திரையில் முழங்கை திடீரென வெட்டி இழுத்தாலோ, ஊன்றிய பாதம் தரையில் வழுக்கினாலோ அதுதான் அடையாளம். அனிமேட்டர் உட்கார்ந்து ஒவ்வொரு ஃபிரேமாகச் சரிசெய்ய வேண்டும்.

தலைக்குள் கேட்கும் குரல்களுக்கு வேறு வழி. இரு காதுகளிலும் மைக் பொருத்திய பொம்மைத் தலை ஒன்றை நடுவில் வைத்தார்கள். ஹெலன் கோலன், அபி கிரீன்லேண்ட் என்ற இரு நடிகைகள் அதைச் சுற்றி நடந்தபடியே கிசுகிசுத்தார்கள், ஏளனம் செய்தார்கள், எச்சரித்தார்கள். இடப்பக்கம் பேசினால் ஒலி இடக்காதுக்கு முதலில் போய்ச் சேரும். வலக்காதுக்கு ஒரு மில்லி நொடிக்கும் குறைவான தாமதத்தில், தலை மறைப்பதால் சற்று மங்கி வரும். இந்தச் சிறு வேறுபாட்டை வைத்துத்தான் நம் மூளை திசையைக் கண்டுபிடிக்கிறது. அது அப்படியே பதிவாகிவிடுவதால், விளையாடுபவருக்கு யாரோ பிடரிக்குப் பின்னால் நின்று பேசுவதுபோல் இருக்கும்.

ஒரு நிபந்தனை: ஒவ்வொரு காதுக்கும் அதற்குரிய ஒலி மட்டுமே போக வேண்டும். ஸ்பீக்கரில் இரண்டும் கலந்துவிடும். ஆகவே இதை விளையாட உட்காருகிறவர்கள் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு உட்காருங்கள்.