சதுப்பில் காணாமல் போகும் நைட்ரஜன்

சதுப்பு நிலத்தைப் பற்றிக் கல்லூரி மாணவர்கள் எழுதும் அறிக்கைகளில் ஓர் அட்டவணை தவறாமல் இருக்கும். இடப்பக்கம் உள்ளே வந்த நைட்ரஜன், வலப்பக்கம் வெளியே போன நைட்ரஜன். அடியில் இரண்டு கூட்டுத்தொகைகளும் கிலோ சுத்தமாகப் பொருந்தி நிற்கும். அப்படிப் பொருந்தினால் அனுபவமுள்ள ஆசிரியர் மகிழ்வதில்லை. 'டீநைட்ரிஃபிகேஷன்' என்ற வரியில் விரலை வைத்து, "இதை எப்படி அளந்தாய்?" என்று கேட்பார். பெரும்பாலும் அது அளந்த எண்ணாக இருக்காது. கணக்குப் பொருந்துவதற்காகப் போட்ட எண்ணாக இருக்கும்.

முதலில் அந்த வரி என்னவென்று பார்க்கலாம். சதுப்பின் சேற்றில் சில மில்லிமீட்டர் ஆழத்திலேயே ஆக்சிஜன் தீர்ந்துவிடும். அங்குள்ள பாக்டீரியாக்கள் ஆக்சிஜனுக்குப் பதிலாக நைட்ரேட்டை வைத்துச் சுவாசிக்கின்றன. நைட்ரேட் கடைசியில் நைட்ரஜன் வாயுவாகிக் காற்றில் கலந்துவிடுகிறது. சதுப்பு தண்ணீரைச் சுத்தப்படுத்துகிறது என்று சொல்வதில் பெரும்பங்கு இந்த வேலைக்குத்தான். ஆனால் காற்றில் ஏற்கெனவே 78 சதவீதம் நைட்ரஜன். அதற்குள் சேற்றிலிருந்து கிளம்பும் துளி நைட்ரஜனைப் பிரித்து அளப்பது கடினம். அசிட்டிலீன் வாயுவைச் செலுத்தி, பாக்டீரியாவின் வேலையை நைட்ரஸ் ஆக்சைடு கட்டத்தோடு நிறுத்தி, அந்த வாயுவை அளக்கும் முறை ஒன்று உண்டு. ஆனால் அசிட்டிலீன், அம்மோனியாவை நைட்ரேட்டாக மாற்றும் பாக்டீரியாவையும் முடக்கிவிடும். நைட்ரேட் வரத்தே குறைந்துவிடுவதால் விடையும் உண்மையைவிடக் குறைவாக வரும். அதனால் மாணவர்கள் மற்ற எல்லாவற்றையும் அளந்துவிட்டு, மிச்சத்தை டீநைட்ரிஃபிகேஷன் என்று எழுதிவிடுகிறார்கள். கல்லாவில் குறைந்த பணத்தைக் கடைக்காரர் 'இதர செலவு' என்று எழுதுவது போலத்தான் இதுவும். குற்றமில்லை. ஆனால் மற்ற வரிகளில் செய்த ஒவ்வொரு பிழையும் ஓசையில்லாமல் இந்த ஒரு வரியில் வந்து சேரும் என்பது தெரிந்திருக்க வேண்டும்.

ஒரு கணக்கைப் போட்டே பார்ப்போம். விளக்கத்துக்காக வைத்துக்கொண்ட எண்கள் இவை. ஒரு ஹெக்டேர், அதாவது 10,000 சதுர மீட்டர் பரப்புள்ள சதுப்பு. ஒரு வரத்துக்கால், ஒரு கலிங்கு. (சென்னையின் பள்ளிக்கரணையை யாராவது தேர்ந்தெடுத்தால் தடுத்துவிடுங்கள். 2022-இல் ராம்சார் பட்டியலில் சேர்ந்த அந்தச் சதுப்புக்குச் சுற்றியுள்ள ஏரிகளின் உபரிநீர் பல வழிகளில் வருகிறது. பெருங்குடிக் குப்பைமேடு ஒரு பக்கம். ஒரு மாணவர் ஓராண்டில் முடிக்கும் வேலை அல்ல அது.)

நைட்ரஜனைத் தொடும் முன் தண்ணீர்க் கணக்கு முடிந்தாக வேண்டும். வரத்துக்காலில் ஆண்டுக்கு 1,00,000 கன மீட்டர். மழை 1,300 மி.மீ.; பரப்பால் பெருக்கினால் 13,000 கன மீட்டர். ஆவியாவதும் செடிகள் உறிஞ்சி வெளியேற்றுவதும் சேர்த்து 17,000. அப்படியானால் 96,000 கன மீட்டர் வெளியே போயிருக்க வேண்டும். கலிங்கில் அளந்ததோ 92,000. மீதி 4,000 நிலத்துக்குள் கசிந்திருக்கலாம், அளவுப் பிழையாகவும் இருக்கலாம்.

இந்தப் பிழையை அலட்சியமாக விடக்கூடாது. ஓடும் நீரை மாணவர்கள் பெரும்பாலும் 'வி' வடிவ வெட்டுள்ள தடுப்புப் பலகை வைத்து அளக்கிறார்கள். பலகைக்கு மேல் தண்ணீர் எவ்வளவு உயரம் நிற்கிறது என்று அளவுகோலில் பார்த்துச் சூத்திரத்தில் போட வேண்டும். அந்தச் சூத்திரத்தில் ஓட்டம் உயரத்தின் 2.5 அடுக்காக ஏறும். 10 செ.மீ. உயரத்தை அரை செ.மீ. தப்பாகப் படித்தால் உயரத்தில் பிழை 5 சதவீதம்தான், ஓட்டத்தில் சுமார் 12 சதவீதம். சிற்றலை அடிக்கும் தண்ணீரில் அளவுகோலைப் பார்த்தவர்களுக்கு அரை செ.மீ. எவ்வளவு சுலபமாக நழுவும் என்று தெரியும்.

தண்ணீர்க் கணக்கைச் சோதிக்க ஒரு மலிவான வழி குளோரைடு. அதைப் பாக்டீரியா தின்னாது. அது ஆவியாகவும் செய்யாது. வரும் நீரில் லிட்டருக்கு 50 மி.கி. குளோரைடு இருந்தால், ஆவியாதலால் சற்றுச் செறிந்து கலிங்கில் 52 அல்லது 53 இருக்க வேண்டும். 60 என்று வந்தால் நீங்கள் கணக்கில் எடுக்காத சாக்கடை ஒன்று எங்கோ கலக்கிறது, இல்லையென்றால் ஓட்டத்தை அளந்தது தவறு. கடல் நீர் ஏறிவரும் இடங்களில் மட்டும் இந்தச் சோதனை உதவாது.

இனி நைட்ரஜன். வரத்துக்கால் நீரில் லிட்டருக்கு 6 மி.கி. மொத்த நைட்ரஜன். லிட்டருக்கு இத்தனை மி.கி. என்பது அப்படியே கன மீட்டருக்கு இத்தனை கிராம் ஆகிவிடும் என்பதால் பெருக்கல் சுலபம்: ஆண்டுக்கு 600 கிலோ. மழையோடு 10 கிலோ, நீலப்பச்சைப்பாசி காற்றிலிருந்து பிடித்துக் கொடுப்பது 15 கிலோ. வரவு 625. கலிங்கில் லிட்டருக்கு 3.5 மி.கி. வீதம் 322 கிலோ, கசிவில் 8 கிலோ. அறுத்து வெளியே கொண்டுபோன சம்புப் புல் காய்ந்த எடையில் 4 டன். அதில் நைட்ரஜன் 1.5 சதவீதம் என்றால் 60 கிலோ. ஆண்டுக்கு 3 மி.மீ. படியும் வண்டலில் 72 கிலோ. ஆக 462. மிச்சம் 163 கிலோ. சதுர மீட்டருக்கு ஆண்டுக்கு 16 கிராம். சாக்கடை நீர் கலக்கும் சதுப்புக்கு நம்பக்கூடிய எண்தான்.

இந்த எண் எப்படியெல்லாம் கெடும்? அறிக்கைகளில் அடிக்கடி காண்பது ஆய்வகத் தாளைத் தப்பாகப் படிப்பது. தாளில் நைட்ரேட் என்பது `NO3` என்றும் இருக்கலாம், `NO3-N` என்றும் இருக்கலாம். முதலாவது நைட்ரேட் அயனி முழுவதின் எடை, 62. இரண்டாவது அதிலுள்ள நைட்ரஜனின் எடை மட்டும், 14. நம் வரத்து நீரின் 6 மி.கி.யில் பாதி, அதாவது 3 மி.கி., நைட்ரேட்டாக வந்த நைட்ரஜன். தாளில் அது 13.3 என்று இருந்து, மாணவர் அதை அப்படியே கூட்டிவிட்டால் வரத்து 600 கிலோவிலிருந்து 1,630 கிலோவாகும். கலிங்கு நீரின் நைட்ரேட் நைட்ரஜன் 1 மி.கி. என்றால் அதுவும் 4.4 ஆகிவிடும். எல்லாம் போக மிச்சம் சுமார் 880 கிலோ. சதுப்புக்குள் வந்ததே 625 கிலோ. அதைவிட அதிகம் காற்றில் போய்விட்டதாக அறிக்கை சொல்லும். அட்டவணை மட்டும் அப்போதும் பொருந்தும்!

கெல்டால் முறை இன்னொரு குழி. டென்மார்க்கின் கார்ல்ஸ்பெர்க் பீர் ஆலை ஆய்வகத்தில் யோஹன் கெல்டால் 1883-இல் வெளியிட்ட முறை இன்றைக்கும் நம் கல்லூரி ஆய்வகங்களில் நடக்கிறது. அது கரிம நைட்ரஜனையும் அம்மோனியாவையும் சேர்த்தே தரும், நைட்ரேட்டைத் தராது. கெல்டால் எண்ணோடு அம்மோனியாவை மறுபடி கூட்டினால் இரட்டைக் கணக்கு. நைட்ரேட்டைக் கூட்ட மறந்தால் நம் சதுப்பில் வரவில் பாதி காணோம்.

மாதம் ஒரு முறை நீர் எடுத்து, பன்னிரண்டு முடிவுகளையும் கூட்டி, பன்னிரண்டால் வகுப்பதும் ஆபத்தானது. நம் சதுப்பு வடகிழக்குப் பருவமழை பெய்யும் ஊரில் இருப்பதாக வைத்துக்கொள்வோம். மூன்று மழை மாதங்களில் 75,000 கன மீட்டர் வருகிறது. நீர்த்துப்போய் லிட்டருக்கு 5 மி.கி. மற்ற ஒன்பது மாதங்களில் 25,000 கன மீட்டர், கெட்டியான சாக்கடை, 9 மி.கி. பருவம் பிரித்துப் பெருக்கினால் 375-ம் 225-ம் சேர்ந்து 600 கிலோ. வெறும் சராசரி எடுத்தால் 8 மி.கி., ஆகவே 800 கிலோ. இல்லாத 200 கிலோ எங்கே போகும்? அதே மிச்ச வரிக்குத்தான். 163 இப்போது 363. இந்தப் பிழையைச் செய்தவர் தன் சதுப்பு அபாரமாக வேலை செய்கிறது என்று முடிவுரை எழுதுவார்.

செடிகள் விஷயத்தில் எல்லையை மறக்கக்கூடாது. சம்பு வளரும்போது உறிஞ்சும் நைட்ரஜனைப் பலர் செலவில் எழுதிவிடுகிறார்கள். அறுக்காமல் விட்டால் அது கோடையில் காய்ந்து விழுந்து, மக்கி, அதே தண்ணீருக்குத் திரும்பும். அம்மோனியா நைட்ரேட்டாவதும் அப்படித்தான், உள்ளேயே நடக்கும் இடமாற்றம். எல்லையைத் தாண்டியதும், ஆண்டு முடிவில் இருப்பில் கூடியதும் குறைந்ததும் மட்டுமே அட்டவணைக்குள் வரலாம்.

இருப்பு என்றதும் சேற்றைக் கவனியுங்கள். மேல் 10 செ.மீ. சேறு மட்டும் ஒரு ஹெக்டேருக்கு காய்ந்த எடையில் சுமார் 400 டன். அதில் 0.6 சதவீதம் நைட்ரஜன் என்றால் 2,400 கிலோ. அது ஓராண்டில் 5 சதவீதம் குறைந்தால் 120 கிலோ. ஆனால் ஆய்வகத்தில் 0.60 சதவீதத்துக்கும் 0.57 சதவீதத்துக்கும் வித்தியாசம் காண முடியுமா? ஒரே குழியில் எடுத்த இரண்டு மண் மாதிரிகளே அதைவிட அதிகமாக வேறுபடும். ஓராண்டு ஆய்வில் இந்த வரியை நம்பகமாக நிரப்ப வழியில்லை. 'சேற்றின் இருப்பு மாறவில்லை என்று எடுத்துக்கொண்டோம்' என்று அறிக்கையில் வெளிப்படையாக எழுதுவதே நேர்மை.

ஆகவே மிச்சத்தை ஒற்றை எண்ணாக விடாதீர்கள்; பிழையோடு எழுதுங்கள். வரத்தில் 10 சதவீதப் பிழை என்றால் 60 கிலோ, கலிங்கில் 32, வண்டலில் 40 சதவீதம் என்று வைத்தால் 29, புல்லில் 12, பாசியில் 7. இவை ஒன்றையொன்று சாராத பிழைகள் என்பதால் நேராகக் கூட்டக்கூடாது. ஒவ்வொன்றையும் வர்க்கப்படுத்திக் கூட்டி, வர்க்கமூலம் எடுத்தால் 75 கிலோ வரும். விடை 163 ± 75, அதாவது ஏறக்குறைய 90 முதல் 240 கிலோ வரை. இந்த நிலையில் 163.27 என்று இரண்டு தசமம் போடுவது அழகல்ல.

அந்த வர்க்கங்களை இன்னொரு முறை பாருங்கள். கூட்டுத்தொகையில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு வரத்துக்காலின் பிழையிலிருந்து மட்டும் வருகிறது. அடுத்த ஆண்டு ஆய்வுக்குக் கொஞ்சம் பணம் கிடைத்தால் வாயு அளக்கும் கருவியைத் தேடி ஓட வேண்டாம். வரத்துக்காலில் நீர்மட்டத்தை இடைவிடாமல் பதியும் ஒரு மானியைப் பொருத்துங்கள். அங்கே பிழை 5 சதவீதமாகக் குறைந்தாலே 75 கிலோ 54 ஆகிவிடும்.