சம்பளம் நேரில் பேசலாம் என்று எழுதாதீர்கள்

கும்பகோணத்தில் மகாமகக் குளத்துக்குப் பக்கத்தில் ஃபேன்சி ஸ்டோர் வைத்திருக்கிறார் எனக்குத் தெரிந்த அக்கா ஒருவர். வளையல், கவரிங் கம்மல், ஸ்டிக்கர் பொட்டு, கிஃப்ட் சாமான்கள் என்று பத்துக்குப் பன்னிரண்டு அடிக்குள் அடங்கும் கடை. காலையில் அவர் ஒருவரே சமாளித்துவிடுவார். சாயங்காலம் கூட்டம் சேர்ந்துவிட்டால், ஒருவருக்கு வளையல் அளவு பார்க்கும் நேரத்தில் இன்னொருவர் பில் போட ஆளில்லாமல் திரும்பிப் போய்விடுவார். சாயங்காலத்துக்கு மட்டும் ஒரு ஆள் வேண்டும் என்று வாட்ஸ்அப் ஸ்டேட்டஸிலும், ஊர்க்காரர்கள் இருக்கும் ஃபேஸ்புக் குழுவிலும் இப்படிப் போட்டார்:

“பார்ட் டைம் வேலைக்குப் பெண்கள் தேவை. நல்ல சம்பளம். சம்பளம் நேரில் பேசலாம். உடனே தொடர்புகொள்ளவும்.” கீழே அவருடைய சொந்த செல் நம்பர்.

இரண்டு நாளில் எழுபது போன் வந்தது. சென்னையிலிருந்து ஒருவர், வீட்டிலிருந்தே செய்யும் வேலையா என்று கேட்டவர் சிலர், ராத்திரி பதினோரு மணிக்கு வெறுமனே “ஹலோ” சொன்னவர்கள் பலர். நேரில் வந்தது ஒன்பது பேர். அவர்களில் வேலைக்குச் சேர்ந்த இரண்டு பேரும் ஒரு வாரத்துக்குள் நின்றுவிட்டார்கள். “எட்டரைக்கு விட்டுடுவேன்னு சொன்னீங்க அக்கா, தினம் ஒன்பதரை ஆகுது. அதுக்கப்புறம் எங்க ஊருக்கு டவுன் பஸ் இல்ல” என்று அவர்களில் ஒரு பெண் சொல்லிவிட்டுப் போனாள்.

குறை ஆட்களிடம் இல்லை. அந்த நான்கு வரியில் வேலைக்கு வருகிறவருக்கு வேண்டிய விவரம் ஒன்றுமே இல்லை. பகுதிநேர வேலை தேடுகிறவர் யார் என்று பாருங்கள். கல்லூரியில் படிக்கும் பெண், பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் விட்டு அழைத்துவரும் தாய், காலையில் வேறு வேலை பார்க்கும் தம்பி. இவர்களுக்கு ஒரு நாளில் மிச்சமிருப்பது சில மணி நேரம்தான். எத்தனை மணிக்கு வர வேண்டும், எத்தனை மணிக்கு விடுவார்கள், கையில் எவ்வளவு வரும், கடை எங்கே இருக்கிறது என்ற நான்கும் தெரிந்தால்தான் வரலாமா கூடாதா என்று அவர்களால் முடிவு செய்ய முடியும். தெரியாவிட்டால் போன் போட்டுத்தான் கேட்பார்கள். எழுபது போன் வந்த காரணம் அதுதான்.

இன்னொரு காரணமும் உண்டு. “வீட்டிலிருந்தே பகுதிநேர வேலை, தினம் மூவாயிரம்” என்று வாட்ஸ்அப்பிலும் டெலிகிராமிலும் வலை விரிக்கும் மோசடிக்காரர்கள் எழுதுவதும் ஏறக்குறைய இதே வாசகத்தைத்தான். முதலில் சிறு தொகை கொடுத்து நம்பவைப்பார்கள், பிறகு பணம் கட்டச் சொல்வார்கள். முகவரி இருக்காது, என்ன வேலை என்று தெளிவாக இருக்காது, அவசரம் மட்டும் இருக்கும். நல்ல கடைக்காரர் அதே மாதிரி எழுதினால், விவரமான பெண்கள் அதைத் தாண்டிப் போய்விடுவார்கள். (அப்படி யாராவது பணம் கட்டி ஏமாந்திருந்தால், தாமதிக்காமல் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணைக் கூப்பிடச் சொல்லுங்கள்.)

அக்காவும் நானும் உட்கார்ந்து இரண்டாவது விளம்பரத்தை எழுதினோம். சம்பளத்தில்தான் அதிக நேரம் பிடித்தது. “எழுதிட்டா பக்கத்துக் கடைக்காரங்க பார்ப்பாங்களே” என்று தயங்கினார். கடை ஊழியர்களுக்கு அரசு நிர்ணயித்த குறைந்தபட்ச ஊதியத்தை அகவிலைப்படியோடு சேர்த்து, 26 நாளுக்கும் நாளுக்கு 8 மணி நேரத்துக்கும் வகுத்தால் ஒரு மணி நேரக் கூலி வரும். பகுதிநேரம் என்பதற்காக அதற்குக் கீழே போவது நியாயமில்லை. தினம் 4 மணி நேரம், மாதம் 26 நாள் என்றால் 104 மணி நேரம். அக்கா 6,500 ரூபாய் தருவதாக முடிவு செய்தார். மணிக்கு 62 ரூபாய் 50 காசு. முடிவில் விளம்பரம் இப்படி வந்தது:

“ஃபேன்சி ஸ்டோருக்குப் பகுதிநேர விற்பனை உதவியாளர் ஒருவர் தேவை. இடம்: மகாமகக் குளம் அருகில், கும்பகோணம். வேலை: வளையல், கம்மல் எடுத்துக் காட்டுவது, பில் போடுவது, கடை அடைக்கும் முன் சாமான்களை எடுத்து வைப்பது. நேரம்: மாலை 4.30 முதல் 8.30 வரை. செவ்வாய் விடுமுறை. தீபாவளிக்கு முந்தைய இரண்டு வாரம் 9.30 வரை, கூடுதல் நேரத்துக்குத் தனிச் சம்பளம். மாதம் 6,500 ரூபாய். 18 வயது நிரம்பியிருக்க வேண்டும். தமிழ் வாசிக்க, கணக்குப் போடத் தெரிந்தால் போதும், முன் அனுபவம் தேவையில்லை. டெபாசிட் கிடையாது, ஒரிஜினல் சான்றிதழ் வாங்கி வைக்க மாட்டோம். காலை 11 முதல் 1 மணி வரை பேசலாம், நேரிலும் வரலாம். கடைசி நாள்: ஜூன் 20.”

எட்டரைக்குக் கடையை விட்டுக் கிளம்ப வேண்டுமானால் எட்டேகாலுக்கே சாமான் எடுத்து வைக்கத் தொடங்க வேண்டும். முதல் தடவை அக்கா கணக்கில் விட்டது இந்தக் கால் மணி நேரத்தைத்தான். கடை அடைக்கும் வேலையும் சம்பள நேரத்துக்குள் வர வேண்டும் என்பதை அவர் உடனே ஒப்புக்கொண்டார். கூட்டமில்லாத நேரத்தில் உட்கார ஒரு ஸ்டூலும் வாங்கிப் போட்டார். கடைகளில் ஊழியர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று 2021-இல் தமிழ்நாட்டில் சட்டத் திருத்தமே வந்திருக்கிறது.

போடும் விதத்திலும் சில மாற்றங்கள் செய்தோம். முன்பு எழுத்தைப் படத்துக்குள் மட்டும் வைத்திருந்தார். குழுவில் “கும்பகோணம் வேலை” என்று தேடுகிறவருக்குப் படத்துக்குள் இருக்கும் எழுத்து சரியாக அகப்படாது. அதனால் கடை வாசல் படத்தைப் போட்டு, முழு விவரத்தையும் கீழே தட்டச்சு செய்தோம். கடைசி நாளைப் படத்தின் மேலேயும் பெரிதாக எழுதினோம். ஸ்டேட்டஸ் 24 மணி நேரத்தில் மறைந்துவிடும், ஆனால் ஃபார்வர்டு ஆகும் படம் மாதக்கணக்கில் சுற்றும். சொந்த நம்பருக்குப் பதில் வேறொரு சிம்மில் வாட்ஸ்அப் பிசினஸ் போட்டுக்கொண்டார். முன்பு “இன்ட்ரஸ்டட்” என்று எழுதிய பெண்கள் கீழேயே தங்கள் நம்பரையும் போட்டிருந்தார்கள். அறிமுகமில்லாத ஆண்கள் அந்த நம்பர்களுக்கு மெசேஜ் அனுப்பியது பிறகுதான் தெரிந்தது. இந்த முறை “கமெண்ட்டில் நம்பர் போடாதீர்கள்” என்று முதல் வரியிலேயே எழுதினோம். அப்படியும் போட்ட இரண்டு நம்பர்களை அக்கா உடனே நீக்கச் சொன்னார்.

பதினான்கு போன் வந்தது. நேரில் வந்தவர்கள் ஐந்து பேர், எல்லோருமே ஊருக்குப் பக்கத்தில் இருக்கிறவர்கள். அக்கா யாரிடமும் நீண்ட கேள்வி கேட்கவில்லை. மூன்று பேரை ஆளுக்கு ஒரு சாயங்காலம் இரண்டு மணி நேரம் கடையில் நிற்கச் சொன்னார். அதற்கு ஆளுக்கு 125 ரூபாய் கையில் கொடுத்தார். ஐந்நூறு ரூபாய் நோட்டுக்கு 347 ரூபாய் பில் போனால் 153 ரூபாய் மீதி சரியாக வருகிறதா என்று கவனித்தார். அதைவிட முக்கியமாக, வாடிக்கையாளர் பத்து ஜோடி கம்மல் பார்த்துவிட்டு வாங்காமல் போன பிறகு, அந்தத் தட்டை முகம் சுளிக்காமல் திரும்ப அடுக்குகிறார்களா என்று பார்த்தார். கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கும் பெண் ஒருத்தி அப்படித் தேர்வானாள்.

அன்றைக்கே அக்கா எல்லா இடத்திலும் “ஆள் எடுத்தாயிற்று, நன்றி” என்று மாற்றி எழுதினார். மற்ற நான்கு பேருக்கும் தனித்தனியாகத் தகவல் சொன்னார். அந்த நால்வரில் ஒருவர், தீபாவளி நேரத்துக்கு மட்டும் வரலாமா என்று கேட்டு, அக்டோபரில் வந்து நின்றார்.