எத்தனை பேர் ஓடினார்கள்?

தென் மாவட்டங்களில் கோயில் கொடை முடிந்த சில நாளில் கணக்கு வாசிப்பு நடக்கும். வரி கொடுத்தவர்கள் கோயில் முன்னால் கூடியிருக்க, பொறுப்பாளர் நோட்டைப் பிரித்து மேளத்துக்கு இவ்வளவு, பந்தலுக்கு இவ்வளவு, கையிருப்பு இவ்வளவு என்று வாசிப்பார். "வாழைக்குலைக்கா இவ்வளவு?" என்று பின்னாலிருந்து ஒரு குரல் வரும். அந்தக் குரலுக்குப் பதில் சொல்ல முடியாமல் போனால் அடுத்த வருஷம் வரி வசூல் இழுக்கும்.

கொடைக்கு வரி கொடுத்தவர் மூன்று நாளும் அங்கேயே நின்றவர். கூட்டம் வந்ததா, சாப்பாடு போதுமானதாக இருந்ததா என்பதைக் கண்ணால் பார்த்தவர். அவருக்குப் பணக் கணக்கு மட்டும் போதும். ஊரில் நடக்கும் மாரத்தானுக்கு ஸ்பான்சர் செய்த கம்பெனியின் மேலாளர் கதை வேறு. ஓட்டம் நடந்த ஞாயிற்றுக்கிழமை விடிகாலையில் அவர் வேறு ஊரில் தூங்கிக்கொண்டிருந்திருப்பார். ஓட்டத்துக்குப் பிறகு அவர் கைக்கு வரும் பத்துப் பக்க அறிக்கைதான் அவர் பார்க்கும் ஓட்டம். அதில் அவர் முதலில் தேடுவது, எத்தனை பேர் வந்தார்கள் என்பதை.

ஒரு மாவட்டத் தலைநகரில் நடக்கும் ஓட்டத்தை மாதிரியாக எடுத்துக்கொள்வோம். எண்கள் விளக்கத்துக்காக நான் போட்டவை. 21, 10, 5 கிலோமீட்டர் என மூன்று பிரிவு. பணம் கட்டிப் பதிவு செய்தவர்கள் 2,000 பேர். முதல் நாள் வந்து பிப் எண்ணும் பையும் வாங்கிப் போனவர்கள் 1,740. காலையில் தொடக்கக் கோட்டைத் தாண்டியவர்கள் 1,610. முடிவுக் கோட்டைத் தொட்டவர்கள் 1,565.

"எத்தனை பேர்?" என்ற கேள்விக்கு இங்கே நான்கு பதில்கள் இருக்கின்றன, நான்குமே உண்மை. பெரும்பாலான அறிக்கைகள் 2,000 என்று மட்டும் எழுதிவிட்டு நகர்ந்துவிடும். ஆனால் ஒவ்வொரு எண்ணும் வேறொரு ஸ்பான்சருக்குச் சொந்தம். பைக்குள் கூப்பன் போட்ட ஆஸ்பத்திரிக்கு வேண்டியது 1,740. வாங்காத பையில் இருந்த கூப்பனை யாரும் பார்க்கவில்லை. வழியில் தண்ணீர் கொடுத்த கம்பெனிக்கு 1,610. மெடலின் ரிப்பனில் பெயர் போட்ட நகைக்கடைக்கு 1,565. நான்கையும் வரிசையாக எழுதி, யாருக்கு எது பொருந்தும் என்று சொல்லிவிட்டால், படிப்பவருக்கு மற்ற எண்கள் மேலும் நம்பிக்கை வரும்.

இந்த எண்களை ஓட்டம் முடிந்தபின் உட்கார்ந்து தேட முடியாது. பிப்பில் ஒட்டிய சிப்பைத் தரையில் விரித்த டைமிங் பாய் படித்துக்கொள்ளும். ஆனால் செலவைக் குறைக்க முடிவுக் கோட்டில் மட்டும் பாய் போட்டிருந்தால், 1,610 என்ற எண் எப்போதுமே கிடைக்காது. ஆகவே அறிக்கை எழுதும் வேலை, டைமிங் கம்பெனியிடம் விலை பேசும் நாளிலேயே தொடங்கிவிடுகிறது.

சரிபார்க்க ஓர் எளிய வழி மெடல். 2,000 மெடல் வந்தது, மிச்சம் 420. அப்படியானால் கொடுத்தது 1,580. முடித்தவர்களோ 1,565. பதினைந்து மெடல் எங்கே போயிற்று? சில வாலன்டியர் பையன்கள் கழுத்தில் போட்டுக்கொண்டு போயிருப்பார்கள், ஓரிருவரின் சிப் வேலை செய்யாமல் இருந்திருக்கும். பதினைந்து பெரிய விஷயமல்ல. அதே இடைவெளி இருநூறாக இருந்தால் பாய் சரியாகப் படிக்கவில்லை என்று அர்த்தம்.

வேடிக்கை பார்க்க வந்தவர்களை எண்ணுவதுதான் சிக்கல். மேடையில் மைக் பிடித்தவர் "பத்தாயிரம் பேர் திரண்டிருக்கிறோம்" என்று சொல்லியிருப்பார். அது அப்படியே அறிக்கைக்குள் புகுந்துவிடும். அமெரிக்காவில் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் இதழியல் சொல்லிக்கொடுத்த ஹெர்பர்ட் ஜேக்கப்ஸ் 1960களில் மாணவர் போராட்டக் கூட்டங்களை எண்ண ஒரு வழி கண்டார். மேலிருந்து எடுத்த படத்தைக் கட்டம் கட்டமாகப் பிரித்து, சில கட்டங்களில் தலைகளை எண்ணி, மொத்தப் பரப்புக்குப் பெருக்குவது. இடைவெளி விட்டு நிற்கும் கூட்டத்தில் ஓர் ஆளுக்குப் பத்துச் சதுர அடி, நெருக்கமான கூட்டத்தில் நாலரைச் சதுர அடி என்பது அவர் கணக்கு. பத்துச் சதுர அடி என்பது ஏறக்குறைய ஒரு சதுர மீட்டர்.

நம் ஓட்டம் முடியும் பள்ளி மைதானத்தில், ஏழரை மணிக்கு மாடியிலிருந்து ஒரு படம் எடுத்தால் போதும். மக்கள் நின்ற இடம் 40 மீட்டருக்கு 30 மீட்டர் என்றால், தளர்வான கூட்டம் சுமார் 1,200 பேர். இதை 1,610-உடன் கூட்டி 2,810 என்று போடுவதுதான் வழக்கமான தவறு. படத்தில் இருப்பவர்களில் பாதிப்பேர் நெஞ்சில் பிப் குத்தியிருக்கிறார்கள். அவர்களை ஏற்கெனவே எண்ணியாகிவிட்டது. மீதி ஏறத்தாழ 600 பேர்தான் பார்வையாளர்கள். "ஏழரை மணிக்கு, மாடிப் படத்தை வைத்துக் கணித்தது" என்று அதற்கடியில் ஒரு வரி எழுதி, படத்தையும் பக்கத்தில் வைத்துவிட வேண்டும்.

அடுத்தது செலவு. வரவு: பதிவுக் கட்டணம் சராசரியாக 500 ரூபாய் வீதம் பத்து லட்சம், ஸ்பான்சர்கள் பணமாகக் கொடுத்தது ஒன்பது லட்சம். செலவு 18 லட்சத்து 20 ஆயிரம். கையில் மிச்சம் 80 ஆயிரம். ஓடியவர் ஒருவருக்கு ஆன செலவு ஏறக்குறைய 1,130 ரூபாய். இந்த ஒரு எண்ணை ஸ்பான்சர் மறக்க மாட்டார். 500 ரூபாய் கட்டணத்தில் இந்த ஓட்டம் நடக்காது என்பதையும், அவர் பணம் எந்தப் பள்ளத்தை அடைத்தது என்பதையும் தனியாகச் சொல்லவேண்டியதில்லை.

தலைப்பு வாரியான செலவுக்குப் பக்கத்தில் ஓட்டத்துக்கு முன் போட்ட திட்டத் தொகையையும் எழுத வேண்டும். இரண்டும் ஒன்றாகவே இருந்தால் எனக்குச் சந்தேகம்தான் வரும். டி-ஷர்ட்டில் குறைந்திருக்கும், தண்ணீரில் ஏறியிருக்கும். ஏன் என்று ஒரு வரி போதும். காலை நாலு மணிக்குச் சந்தையில் வாங்கிய வாழைப்பழத்துக்குப் பில் கிடைக்காது. விற்றவரின் கையெழுத்து வாங்கிய வவுச்சரை அன்றே போட்டு வைத்தால் சரி. பிறகு யோசித்து எழுதும் வவுச்சர்களில் எல்லாத் தொகையும் முழு நூறாக இருக்கும். கணக்குப் பார்ப்பவர் அதை வைத்தே கண்டுபிடித்துவிடுவார்.

பொருளாக வந்ததைப் பணத்தோடு சேர்க்கக் கூடாது. தண்ணீர்க் கம்பெனி 6,000 பாட்டில் கொடுத்தது, ஆஸ்பத்திரி இரண்டு ஆம்புலன்ஸை நிறுத்தியது. இவற்றைப் பொருளாகவும் எண்ணிக்கையாகவுமே தனிப் பட்டியலில் எழுதலாம். ரூபாயாக மாற்றி வரவில் மட்டும் சேர்த்தால், இல்லாத மிச்சம் ஒன்று கணக்கில் முளைக்கும்.

பலரும் தடுக்கி விழும் இடம் ஒன்று இருக்கிறது. கம்பெனிகளின் சமூகப் பொறுப்பு நிதியிலிருந்து ஓட்டத்துக்குப் பணம் கேட்பார்கள். 2014 ஜூனில் மத்திய கம்பெனி விவகார அமைச்சகம் வெளியிட்ட சுற்றறிக்கை, ஒரே ஒரு தடவை நடக்கும் நிகழ்ச்சிகளை அந்த நிதிக் கணக்கில் காட்ட முடியாது என்றது; அதற்கு உதாரணமாகச் சொன்னதிலேயே மாரத்தானும் இருந்தது. விளம்பரப் பலனுக்காகச் செய்யும் ஸ்பான்சர்ஷிப்பையும் பின்னால் வந்த விதிகள் விலக்கின. ஆக, நமக்கு வரும் பணம் பெரும்பாலும் விளம்பரப் பிரிவின் பணம். அறிக்கையைப் படிப்பவர் "சமூகத்துக்கு என்ன செய்தீர்கள்" என்பதைவிட "என் கடைக்கு என்ன கிடைத்தது" என்றுதான் தேடுவார். எவ்வளவு உருக்கமாக எழுதினாலும் அதற்குப் பதில் ஆகாது.

அதற்கு, ஒப்பந்தத்தில் சொன்னதை இடப்பக்கமும் செய்ததை வலப்பக்கமும் எழுதுவதே போதும். வழியில் 12 பேனர் என்று சொன்னோம். 11 நின்றது, ஒன்று இரவுக் காற்றில் கிழிந்தது. பதினொன்றுக்கும் இடம் தெரியும்படி படம் இருக்கிறது. இந்தப் படங்களை எடுப்பதற்கென்றே காலை ஐந்து மணிக்கு ஒருவரை டூவீலரில் அனுப்ப வேண்டும். ஓட்டக்காரர்களைப் படம் பிடிக்கும் போட்டோகிராபர் பேனர் பக்கம் திரும்ப மாட்டார்.

பலன் என்பதில் எனக்கு நம்பிக்கை தருவது கூப்பன்தான். ஆஸ்பத்திரியின் ரத்தப் பரிசோதனைத் தள்ளுபடிச் சீட்டில் இந்த ஓட்டத்துக்கென்று தனி எண் போட்டிருந்தால், முப்பது நாளில் எத்தனை திரும்பி வந்தது என்று அவர்களே சொல்வார்கள். 1,740-இல் 96 வந்தது என்றால் நூற்றுக்கு ஐந்தரை. சின்ன எண்தான், ஆனால் அவர்கள் கவுண்டரில் எண்ணியது. "சமூக வலைதளத்தில் ஐந்து லட்சம் பேரைச் சென்றடைந்தோம்" என்பதை அப்படிச் சொல்ல முடியாது. ஒரே ஆள் பத்துத் தடவை பார்த்ததும் பல சமயம் அதில் அடங்கிவிடும். பத்திரிகையில் வந்த செய்தியின் அளவை விளம்பரக் கட்டணத்தால் பெருக்கி, "இத்தனை லட்சம் ரூபாய் விளம்பரம் இலவசம்" என்று காட்டுவதும் பழைய வித்தை. மக்கள் தொடர்புத் துறையினரே 2010-இல் பார்சிலோனாவில் கூடி, அந்தத் தொகை தங்கள் வேலையின் மதிப்பு ஆகாது என்று அறிவித்துவிட்டார்கள்.

கூப்பனுக்காக முப்பது நாள் காத்திருப்பதால் அறிக்கையை இரண்டாக அனுப்புவது நல்லது. வருகை, செலவு, படங்கள் பத்து நாளுக்குள். பலன் பிறகு. முதலாவது தாமதமானால் அந்த மேலாளர் அதற்குள் வேறு வேலைக்கு மாறியிருக்கவும் கூடும்.

சொதப்பலையும் எழுத வேண்டுமா? நம் மாதிரி ஓட்டத்தில் பதினாறாவது கிலோமீட்டரில் 7.45-க்குத் தண்ணீர் தீர்ந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். கடைசியாக வந்த நூற்றைம்பது பேருக்குச் சொட்டுக்கூட இல்லை. தலைக்கு ஒரு டம்ளர் என்று கணக்குப் போட்டிருந்தார்கள்; வெயில் ஏறியதும் ஓடியவர்கள் ஒன்றைக் குடித்து ஒன்றைத் தலையில் ஊற்றிக்கொண்டார்கள். அங்கே தொங்கியது தண்ணீர்க் கம்பெனியின் பேனர். காலி மேஜையும் அந்தப் பேனரும் சேர்ந்த படம் ஒன்பது மணிக்குள் வாட்ஸ்அப்பில் சுற்றியிருக்கும், கம்பெனிக்காரரும் பார்த்திருப்பார். அறிக்கையில் அதைப்பற்றி ஒரு வரியும் இல்லையென்றால், 1,610 என்ற எண்ணையும் அவர் திரும்ப ஒருமுறை சந்தேகத்தோடு பார்ப்பார். நேரம், காரணம், எத்தனை பேர் என்று மூன்று வரியில் எழுதிவிடலாம்.

அடுத்த வருஷத்துக்கான வேண்டுகோளும் அங்கேயே வந்து உட்கார்ந்துவிடும். "தொடர்ந்து ஆதரவு தர வேண்டுகிறோம்" என்று கடைசிப் பக்கத்தில் கும்பிடுவதைவிட, பத்தாவது கிலோமீட்டருக்குப் பிறகு தலைக்கு இரண்டரை டம்ளர், அதற்குக் கூடுதலாக 2,000 பாட்டில், பதினாறாவது கிலோமீட்டரில் ஒரு வேன் என்று கேட்கலாம். ஓட்டம் ஜனவரியில் நடந்தால் இந்தக் கடிதம் பிப்ரவரிக்குள் போய்ச் சேர வேண்டும். ஏப்ரலில் தொடங்கும் வருஷத்துக்குப் பல கம்பெனிகள் விளம்பரச் செலவை ஒதுக்குவது அந்தச் சமயத்தில்தான்.