வீட்டில் எழுதிய விடையைக் கருவி ஏன் நம்பகமாகப் பிடிப்பதில்லை?

இக்னோவின் பல படிப்புகளில் ஒப்படைப்புக்கு 30 விழுக்காடு, பருவத் தேர்வுக்கு 70 விழுக்காடு மதிப்பெண். ஆர்.எஸ்.மங்கலத்தில் படிக்கும் மாணவர் ஒப்படைப்பை வீட்டில் எழுதலாம். தேர்வை மட்டும் மேற்பார்வையாளர் முன்னால் எழுதவேண்டும்.

தேர்வறையில் முறைகேட்டுக்குப் பொருள் வேண்டும்: கைப்பேசி, துண்டுச்சீட்டு. பிடிபட்டால் அதுவே சான்று. வீட்டிலோ சாட்ஜிபிடி தரும் விடையைப் பார்த்துக் கையால் எழுதினால் தடயமே இராது. கையெழுத்து யாருடையது என்று தெரியும், சிந்தனை யாருடையது என்று தெரியாது.

இயந்திர எழுத்தைக் கண்டறியும் கருவிகள் அடுத்த சொல்லை எவ்வளவு எளிதாக ஊகிக்க முடிகிறது என்பது போன்ற அடையாளங்களைப் பார்க்கின்றன. எளிய, பழகிய சொற்களில் ஆங்கிலம் எழுதும் நம் மாணவர்களும் அதில் சிக்குவார்கள்.

ஓப்பன்ஏஐ 2023 ஜனவரியில் வெளியிட்ட கருவி, இயந்திர எழுத்தில் 26 விழுக்காட்டையே பிடித்தது. மனித எழுத்தில் 9 விழுக்காட்டைத் தவறாகக் குற்றஞ்சாட்டியது. 100 விடைகளில் 20 இயந்திரம் எழுதியவை என்று வைத்துக்கொள்வோம். பிடிபடுவது சுமார் 5. நேர்மையான 80 பேரில் மாட்டுவது சுமார் 7. அதாவது குற்றஞ்சாட்டப்பட்டவர்களில் பாதிக்கு மேல் நிரபராதிகள். ஜூலையில் அந்தக் கருவி திரும்பப் பெறப்பட்டது.

ஒப்படைப்பில் உயர்ந்த மதிப்பெண்ணும் தேர்வில் குறைந்த மதிப்பெண்ணும் வந்தால் ஐயம் எழலாம். தேர்வுப் பயமும் அதே இடைவெளியைத் தரும். எழுதியவரையே அழைத்து, ‘இந்தப் பத்தியை விளக்குங்கள்’ என்று ஐந்து நிமிடம் கேட்பதே நியாயமான சோதனை.