பழைய கடைக்குப் புதிய பெயர்ப் பலகை

மாதாமாதம் ஒரே காபித்தூளையோ ஊதுவத்தியையோ வாங்குகிறவர் உறையில் உள்ள எழுத்தை ஒவ்வொரு முறையும் படிப்பதில்லை. நிறத்தையும் படத்தையும் கண்டதுமே கை பொருளை எடுத்துவிடுகிறது. வயதானவர்களில் பலருக்குப் பொடி எழுத்தைப் படிப்பதே சிரமம் என்பதால் இந்தப் பழக்கம் இன்னும் உறுதியாக இருக்கும். தலைமுறைகளாக நடக்கும் குடும்பத் தொழில் தன் தோற்றத்தை மாற்றும்போது முதலில் ஆட்டம் காண்பது இந்த அடையாளம்தான்.

அமெரிக்காவில் 2009-இல் டிராபிக்கானா ஆரஞ்சுச் சாற்றுக்கு நேர்ந்தது இதற்குத் தெளிவான சான்று. உறிஞ்சுகுழல் செருகிய ஆரஞ்சுப் பழத்தின் படத்தை எடுத்துவிட்டு, சாறு நிறைந்த கண்ணாடிக் குவளையை அட்டைப்பெட்டியில் அச்சிட்டார்கள். பெயரின் எழுத்து வடிவமும் மாறியது. உள்ளே இருந்த சாறு மாறவில்லை. ஆனாலும் இரண்டு மாதங்களுக்குள் விற்பனை சுமார் 20 சதவீதம் சரிந்தது. பழைய பெட்டியே திரும்பி வந்தது.

1897-இல் தொடங்கிய கோத்ரெஜ் குடும்ப நிறுவனம் 2008-இல் வேறு வழியில் சென்றது. பழகிய கையெழுத்துப் பாணிப் பெயரை அப்படியே வைத்துக்கொண்டு, அதற்குப் புதிய வண்ணங்களை மட்டும் கொடுத்தது. இங்கிலாந்தின் லைல்ஸ் சர்க்கரைப் பாகு 2024-இல் இன்னொரு வழியைக் காட்டியது. புதிய சிங்கச் சின்னம் மற்ற உறைகளுக்குப் போனது. 19-ஆம் நூற்றாண்டிலிருந்து வரும் பச்சையும் பொன்னிறமும் கலந்த தகர டப்பாவில் பழைய படமே நீடித்தது.

எதை விடலாம், எதை விடக்கூடாது என்பதை உரிமையாளரின் ஊகத்துக்கு விடாமல் வாடிக்கையாளரிடமே சோதிக்கலாம். சிறு நகரத்தில் மூன்று தலைமுறையாகக் காபித்தூள் அரைத்து விற்கும் கடை ஒன்றை எடுத்துக்கொள்வோம். நெடுநாள் வாடிக்கையாளர் இருபது முப்பது பேரிடம், பொட்டலத்தைக் காட்டாமல், அது எப்படி இருக்கும் என்று கேட்க வேண்டும். பெரும்பாலானோர் சிவப்பு நிறத்தையும் தாத்தாவின் படத்தையும் சொல்லி, முகப்பு வாசகத்தை ஒருவரும் சொல்லவில்லை என்றால் வழி தெளிவு: நிறமும் படமும் இருக்கட்டும், வாசகம், எழுத்து வடிவம், உறையின் தாள் ஆகியவை மாறலாம்.

அடுத்தது வரிசை. ஆறு மாதமாவது பழைய பெயரும் புதிய பெயரும் பொட்டலத்தில் சேர்ந்தே இருக்க வேண்டும். பெயர்ப் பலகையை அதற்குப் பிறகு மாற்றலாம். இந்தக் காலத்தில் கலவையையும் விலையையும் எடையையும் தொடக்கூடாது. உறை மாறிய அதே வாரத்தில் சிக்கரி அளவும் மாறினால், சுவை வேறாகிவிட்டது என்ற பேச்சு தெரு முழுவதும் பரவும். குறை எதில் என்று கடைக்காரராலேயே பிரித்தறிய முடியாது. கல்லாவில் இருப்பவர் ஒவ்வொரு பழைய வாடிக்கையாளரிடமும் "தூள் அதேதான், உறை மட்டும்தான் புதுசு" என்று வாயால் சொல்வது எந்தச் சுவரொட்டியையும்விட நன்றாக வேலை செய்யும்.

சட்டமும் குறுக்கே வரும். பதிவான வணிகச் சின்னத்தில், அதன் அடையாளத்தைப் பெரிதும் பாதிக்காத சிறு திருத்தத்துக்குத்தான் 1999-ஆம் ஆண்டின் வணிகச் சின்னச் சட்டம் இடம் தருகிறது. பெரிய மாற்றம் என்றால் புதிதாக விண்ணப்பிக்க வேண்டும். பழைய சின்னத்தை 5 ஆண்டுகளுக்கு மேல் தொடர்ந்து பயன்படுத்தாமல் விட்டால், அதைப் பதிவேட்டிலிருந்து நீக்கக் கோரி மற்றவர் விண்ணப்பிக்க முடியும். பிறகு அதே சாயலில் போட்டியாளர் ஒருவர் பொட்டலம் இறக்கினால், தடுப்பது கடினமாகிவிடும். ஒரு வகைத் தூளையாவது பழைய சின்னத்திலேயே உண்மையாக விற்று வருவது இதற்குப் பாதுகாப்பு.

மாற்றம் பலித்ததா என்பதை மொத்த விற்பனையை வைத்து முடிவு செய்தால் ஏமாற நேரிடும். புதிதாக வருபவர்களின் எண்ணிக்கை, நின்றுபோன பழையவர்களை மறைத்துவிடும். மாற்றத்துக்கு முன்பே மாதந்தோறும் வாங்கும் வீடுகளின் பட்டியலை எழுதி வைத்து, அந்த வீடுகளை மட்டும் தனியாகக் கவனிக்க வேண்டும். தொடர்ந்து இரண்டு மாதம் வராதவரை விசாரித்தால் காரணம் தெரியும். "பழைய தூள் வருவதில்லையே என்று நினைத்தோம்" என்ற பதில் பலரிடமிருந்து வந்தால், தடுமாற்றம் அடையாளத்தில் இருக்கிறது. அகற்றிய நிறத்தையோ படத்தையோ உறையில் திரும்பச் சேர்த்தால் சரியாகலாம். சுவையைப் பற்றியோ கவனிப்பைப் பற்றியோ குறை வந்தால், உறையை எத்தனை முறை மாற்றினாலும் அது தீராது.